பள்ளி நேரம் வேறுபடும் மாணவர்களுக்கு வாராந்திர டியூஷன் அட்டவணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே அறையில், ஒரே ஆசிரியராக, பல பேட்சுகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் என்னிடம் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டையே கடைசிவரை பயன்படுத்துகிறேன். ஆகவே 3-ஆம் கேள்வியை விட்டுவிட்டுப் பின்னால் உள்ளவற்றைப் படித்தால் குழப்பம் வரும்.

1. பள்ளி விடும் நேரத்தை வைத்துத்தானே பேட்ச் நேரம் போட வேண்டும்?

அதை வைத்துப் போட்டால் முதல் வாரத்திலேயே அட்டவணை ஆட்டம் காணும். நமக்குத் தேவைப்படுவது மாணவர் புத்தகத்தைத் திறந்து நம் முன்னால் உட்காரக்கூடிய நேரம். பள்ளி 3:30-க்கு விட்டாலும் ஒரு மாணவர் நடந்து 10 நிமிடத்தில் வீடு சேர்வார். இன்னொருவர் பள்ளிப் பேருந்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு 4:20-க்குத்தான் இறங்குவார். இருவரும் ஒரே பேட்சில் இருந்தால் பேருந்தில் வருபவர்தான் அந்த பேட்சின் தொடக்க நேரத்தைத் தீர்மானிக்கிறார். சராசரி பார்ப்பதில் பயனில்லை.

இதே போல ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு முடிவு நேரமும் உண்டு. சிறிய வகுப்பு மாணவர்களை 7 மணிக்கு மேல் வைத்திருந்தால் பாடம் ஏறாது. வீட்டிலும் விரும்ப மாட்டார்கள். உட்காரும் நேரத்துக்கும் முடிவு நேரத்துக்கும் இடைப்பட்ட பகுதியையே அந்த பேட்சின் ‘திறந்த நேரம்’ என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

2. பெற்றோரிடம் கேட்டால் “எந்த நேரமானாலும் பரவாயில்லை” என்கிறார்கள். பிறகு மாற்றச் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது?

“எப்போது வசதி?” என்று பொதுவாகக் கேட்பதால் வரும் சிக்கல் இது. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எத்தனை மணிக்கு வந்து உட்கார முடியும், எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும் என்ற இரண்டு நேரங்களை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். நாள்வாரியாக எழுதும்போதுதான் செவ்வாயன்று பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதும், வியாழனன்று விளையாட்டுப் பயிற்சி இருப்பதும் அவர்களுக்கே நினைவுக்கு வரும். தாளைப் பெற்றோரிடம் கொடுத்தாலும் மாணவரை வைத்து நிரப்பச் சொல்வது நல்லது. சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு உண்மையில் முடிகிறது என்பது மாணவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று: பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் பள்ளிகளே தங்கள் அட்டவணையை மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நாள்களில் தற்காலிக நேரம் என்று சொல்லியே வகுப்பு நடத்திவிட்டு, மூன்றாவது வாரத்தில் இந்தத் தாளை வாங்குங்கள்.

3. எல்லா விவரமும் கையில் இருக்கிறது. முதலில் எந்த பேட்சுக்கு நேரம் ஒதுக்குவது?

திறந்த நேரம் மிகக் குறைவாக உள்ள பேட்சுக்கு. மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள பேட்சையோ, முதலில் சேர்ந்த பேட்சையோ முதலில் வைத்தால், எங்கும் பொருந்தக்கூடிய பேட்ச் நல்ல நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் மட்டும் பொருந்தக்கூடியது வெளியே நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு வருவோம். வகுப்பு 75 நிமிடம், இடைவெளி 15 நிமிடம். வார நாள்களில் மாலையில் மூன்று கட்டங்கள்: 4:00–5:15, 5:30–6:45, 7:00–8:15. பேட்சுகள் நான்கு. 8-ஆம் வகுப்புக்கு வாரம் 3 வகுப்பு. மாணவர்கள் 3:30-க்கே வந்துவிடலாம், 7 மணிக்குள் கிளம்ப வேண்டும். 9-ஆம் வகுப்புக்கு வாரம் 3 வகுப்பு, 4:30-க்குத் தயார். 10-ஆம் வகுப்புக்கு வாரம் 4 வகுப்பு. இது இரண்டு பள்ளி மாணவர்கள் கலந்த பேட்ச், பிந்தி வரும் பள்ளியின் மாணவர்கள் 5:15-க்குத் தயார், ஆனால் செவ்வாயும் வியாழனும் சிறப்பு வகுப்பு இருப்பதால் அந்த இரு நாள்களில் 6:30 ஆகும். 12-ஆம் வகுப்புக்கு வாரம் 3 வகுப்பு. புதன் தவிர எல்லா நாளும் சிறப்பு வகுப்பு இருப்பதால் 6:45-க்குத்தான் தயார், புதனன்று மட்டும் 5:30.

இதில் 12-ஆம் வகுப்புக்கு 7 மணிக் கட்டமும், புதனன்று மட்டும் 5:30 கட்டமும் பொருந்தும். ஆகவே அதை முதலில் வைக்க வேண்டும். அடுத்தது 10-ஆம் வகுப்பு, அதன் பின் 9, கடைசியில் 8. எட்டாம் வகுப்புதான் என்னிடம் பல ஆண்டுகளாகப் படிப்பவர்கள், அவர்களைக் கடைசியில் வைப்பதா என்று தயங்க வேண்டியதில்லை. அவர்கள் மட்டுமே வரக்கூடிய 4 மணிக் கட்டத்தை யாரும் பறிக்கப் போவதில்லை.

4. வாரத்தில் 15 கட்டம் இருக்கிறது, மொத்தம் 13 வகுப்புதான். இரண்டு மிச்சம் இருக்க வேண்டுமே, ஏன் நெருக்கடியாக இருக்கிறது?

மிச்சம் இருப்பது உண்மைதான்; அது இருக்கும் இடம்தான் பயனற்றது. 4 மணிக் கட்டத்துக்கு வரக்கூடியவர்கள் 8-ஆம் வகுப்பினர் மட்டும். அங்கே 5 கட்டங்கள் உள்ளன, அவர்களுக்கு 3 போதும், மீதி 2 செவ்வாய் மாலையிலும் வியாழன் மாலையிலும் ஆளின்றிக் கிடக்கும். மற்ற மூன்று பேட்சுகளுக்கும் சேர்த்து 3 + 4 + 3 = 10 வகுப்புகள். அவர்கள் வரக்கூடிய கட்டங்கள், நாளுக்கு இரண்டு வீதம், 10. அதாவது ஒரு கட்டம்கூட உபரி இல்லை.

மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதைவிட இந்தக் கணக்குதான் முக்கியம். ஒன்றோ பலவோ பேட்சுகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தேவையான வகுப்புகளை எண்ணுங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்றாவது வரக்கூடிய கட்டங்களை எண்ணுங்கள். தேவை கட்டத்தைவிட அதிகமானால், எத்தனை முறை அழித்து எழுதினாலும் அட்டவணை அமையாது. முன்பு நான் இந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் இரண்டு இரவுகள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறேன். அமைய வழியே இல்லாத ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. தாமதமாக வரும் பேட்சுகளைச் சேர்த்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

5. அப்படியானால் இந்த எடுத்துக்காட்டுக்கு அட்டவணை எப்படித்தான் அமையும்?

பத்துக்குப் பத்து என்று நிரப்பினால் ஒரு நாள் ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஈடு செய்ய இடமிருக்காது. ஆகவே 9-ஆம் வகுப்பின் மூன்று வகுப்புகளில் ஒன்றைச் சனிக்கிழமை காலை 9:00–10:15-க்கு மாற்றினேன். அவர்களின் பள்ளிக்குச் சனிக்கிழமை விடுமுறை. இப்போது மாலைக் கட்டங்கள் 10-க்கு 9 வகுப்புகள்.

| நாள் | 4:00 | 5:30 | 7:00 |
|---|---|---|---|
| திங்கள் | 8 | 10 | 12 |
| செவ்வாய் | – | 9 | 10 |
| புதன் | 8 | காலி | 12 |
| வியாழன் | – | 9 | 10 |
| வெள்ளி | 8 | 10 | 12 |

புதனன்று 12-ஆம் வகுப்பை 5:30-க்கே வைத்திருந்தால் எனக்குச் சீக்கிரம் வேலை முடிந்திருக்கும். ஆனாலும் 7 மணியிலேயே வைத்ததற்குக் காரணம் இரண்டு. மூன்று நாளும் ஒரே நேரம் என்றால் யாரும் மறப்பதில்லை. மேலும் காலியாக இருக்கும் 5:30 கட்டத்துக்குப் புதனன்று நான்கு பேட்சுகளுமே வர முடியும். 7 மணிக் கட்டம் காலியாக இருந்தால் 8-ஆம் வகுப்பால் அதைப் பயன்படுத்த முடியாது. காலி இடம் எத்தனை என்பதோடு, அதில் யாரெல்லாம் உட்கார முடியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

6. ஒரே பேட்சுக்கு அடுத்தடுத்த நாள் வந்தால் என்ன தவறு?

மூன்று வகுப்பு உள்ள பேட்சுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதே நல்லது. கொடுத்த கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்று தெரிந்துகொண்டு வர ஒரு மாலை தேவைப்படும். நான்கு வகுப்பு உள்ள பேட்சுக்கு அடுத்தடுத்த நாள்கள் தவிர்க்க முடியாதவை. 10-ஆம் வகுப்புக்குத் திங்கள்–செவ்வாய், வியாழன்–வெள்ளி என இரட்டையாக வைத்து நடுவில் புதனை விட்டிருக்கிறேன். இரட்டையின் முதல் நாளில் புதிய பாடமும் மறுநாள் பயிற்சியும் நடத்தினால், அடுத்தடுத்து வருவதே வசதியாகவும் அமைந்துவிடும்.

7. நடுவில் 15 நிமிடம் வீணாகிறதே, அதை எடுத்துவிட்டால் ஒரு கட்டம் கூடுதலாகக் கிடைக்காதா?

கிடைக்காது. இரண்டு இடைவெளிகளையும் எடுத்தால் மிஞ்சுவது 30 நிமிடம். அது ஒரு வகுப்புக்குப் போதாது. மாறாக, முதல் வகுப்பு 5 நிமிடம் நீண்டால் அடுத்ததும் அதற்கடுத்ததும் தள்ளிப்போகும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் நீண்டால் கடைசி வகுப்பு 15 நிமிடம் பிந்தி முடியும். வாசலில் ஏழு பேர் செருப்பைத் தேடும்போது நான்கு பேர் உள்ளே வர முயல்வதும் நடக்கும். இடைவெளி இருந்தால், தாமதமாக வந்த மாணவர் விட்டதைக் கேட்கவும், அடுத்த பேட்சின் நோட்டுகளை எடுத்து வைக்கவும் நேரம் கிடைக்கிறது.

8. புதன் 5:30 காலியாகத்தானே இருக்கிறது? புது பேட்ச் கேட்டால் எடுத்துக்கொள்ளலாமா?

11-ஆம் வகுப்பில் நான்கு பேர் வாரம் 2 வகுப்பு கேட்கிறார்கள், 5:15-க்குத்தான் வர முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் கேள்வியில் சொன்ன எண்ணிக்கையைப் போட்டால் 9 + 2 = 11 வகுப்பு, கட்டம் 10. முடியாது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு வகுப்பைச் சனிக்கிழமைக்குத் தள்ளினால் எண்ணிக்கை சரியாகும். ஆனால் வாரத்தில் இருந்த ஒரே உபரி போய்விடும். அந்த ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பு விட்டுப்போனால்கூட வார இறுதியில்தான் ஈடு செய்ய வேண்டியிருக்கும். நான் எடுக்க மாட்டேன்.

அதே நான்கு பேர் 3:45-க்கு வரக்கூடியவர்களாக இருந்தால், செவ்வாயும் வியாழனும் 4 மணிக்குத் தயங்காமல் எடுத்துக்கொள்வேன். புது மாணவர் கேட்கும்போது ‘இடம் இருக்கிறதா’ என்பதைவிட ‘எத்தனை மணிக்கு வர முடியும்’ என்பதை முதலில் கேட்பது அதனால்தான்.

9. ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் நேரம் ஒத்துவரவில்லை. பேட்சையே மாற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

எத்தனை வகுப்புக்கு ஒத்துவரவில்லை என்று பாருங்கள். வாரத்தில் ஒன்றுக்கு மட்டும் 15 அல்லது 20 நிமிடம் தாமதமாக வருவார் என்றால், அந்த நாளின் முதல் 20 நிமிடத்தை முந்தைய வகுப்பின் கணக்குகளைத் திரும்பப் போடுவதற்கு ஒதுக்கிவிடலாம். அவர் புதிய பாடம் எதையும் இழக்க மாட்டார். வாரத்தில் பாதிக்கு மேல் ஒத்துவரவில்லை என்றால் அவர் அந்த பேட்சுக்கு உரியவர் அல்லர் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. ஒருவருக்காக ஆறு பேரின் நேரத்தை மாற்றினால், அந்த ஆறு பேரில் ஒருவருக்கு ஒத்துவராமல் அடுத்த வாரம் இதே கேள்வி வேறு வீட்டிலிருந்து வரும்.

10. முதல் கட்டத்தையே 4:45-க்குத் தள்ளினால் 9-ஆம் வகுப்பும் வரலாமே? எல்லாம் தீர்ந்துவிடாதா?

நல்ல யோசனை, நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டங்கள் 4:45–6:00, 6:15–7:30, 7:45–9:00 என்றாகும். செவ்வாய், வியாழன் முதல் கட்டத்தில் 9-ஆம் வகுப்பு உட்காரும். அவர்களின் மூன்றாவது வகுப்பைப் புதன் 6:15-க்கு வைத்துவிடலாம், சனிக்கிழமை வர வேண்டியதில்லை. எண்ணிக்கைப்படி மாலையில் இரண்டு கட்டங்கள் காலியாகவும் நிற்கும்.

ஆனால் அந்தக் காலிகள் எங்கே நிற்கின்றன? செவ்வாய் 6:15, வியாழன் 6:15. பத்தாம் வகுப்புக்கு அன்று 6:30 ஆகும், 12-ஆம் வகுப்புக்கு 6:45 ஆகும். 8-ஆம் வகுப்பு 7 மணிக்குள் கிளம்ப வேண்டும். ஆக, தேர்வு நெருக்கடி உள்ள இரண்டு பேட்சுகளுக்கும் அந்த உபரி உதவாது. அதற்கு விலையாக 12-ஆம் வகுப்பினர் இரவு 9 மணிக்குக் கிளம்ப வேண்டும், 3:30-க்குத் தயாராகும் 8-ஆம் வகுப்பினர் 4:45 வரை காத்திருக்க வேண்டும். ஒரு பேட்சின் சனிக்கிழமையைக் காப்பாற்றுவதற்கு இது அதிகம் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் 12-ஆம் வகுப்பு மாணவர்கள் பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் என்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

11. ஒரு பள்ளியில் மாதம் மாறி மாதம் ஷிப்ட் மாறுகிறது. அதற்காக முழு அட்டவணையையும் இரண்டாகப் போட வேண்டுமா?

அந்த ஒரு பேட்சுக்கு மட்டும் இரண்டு நேரம் போதும். இரண்டுமே நெருக்கடியான மாலைக் கட்டங்களுக்கு வெளியே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டில் 8-ஆம் வகுப்புக்கு இப்படி நேர்ந்தால், காலை ஷிப்ட் மாதத்தில் மாலை 4 மணிக்கு வருவார்கள். பிற்பகல் ஷிப்ட் மாதத்தில் மாலையில் அவர்களுக்கு இடமே கிடைக்காது. பள்ளி போகுமுன் காலை 9 மணிக்கு, அதே திங்கள், புதன், வெள்ளியில் வரட்டும். மற்ற மூன்று பேட்சுகளுக்கும் இது தெரியக்கூட வேண்டியதில்லை.

சிக்கலானது கலப்பு பேட்ச்தான். இருவருக்கு ஷிப்ட் மாறுகிறது, நால்வருக்கு மாறவில்லை என்றால், மாறும் மாதத்தில் அந்த ஆறு பேருக்கும் பொதுவான வார நாள் நேரம் பெரும்பாலும் இருக்காது. அப்படிச் சேர்க்கும் முன்பே, அந்த இருவரும் தனியாக வர வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

12. இரண்டு பள்ளிகளுக்கும் ஒரு சனி விட்டு ஒரு சனி விடுமுறை என்றார்கள். ஆனால் சில மாதங்களில் ஒத்துப்போகவில்லையே?

ஒரு பள்ளி ‘இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை’ என்று வைத்திருக்கும். இன்னொன்று உண்மையாகவே ஒன்றுவிட்டு ஒன்று என்று எண்ணும். நான்கு சனிக்கிழமை உள்ள மாதங்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் முதல் பள்ளிக்கு ஐந்தாவது சனியும் அடுத்த மாத முதல் சனியும் அடுத்தடுத்து வேலை நாள்களாகும். இரண்டாவது பள்ளிக்கோ ஐந்தாவது சனி வேலை நாள், அடுத்ததே விடுமுறை. அன்று பிரியும் இரண்டும் அடுத்த ஐந்து சனி மாதம் வரை சேராது. எனவே சனிக்கிழமை வகுப்புகளை விதியாகச் சொல்லாமல், தேதிகளாக எழுதி மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிடுவேன்.

13. கலப்பு பேட்சில் ஒரு பள்ளிக்குத் தேர்வு, இன்னொரு பள்ளிக்கு இல்லை. வகுப்பை நிறுத்துவதா?

நிறுத்த வேண்டாம், புதிய பாடத்தை மட்டும் நிறுத்துங்கள். தேர்வு உள்ளவர்கள் ஐயம் கேட்கட்டும், மற்றவர்கள் பழைய பாடத்தில் பயிற்சி செய்யட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தேர்வு நாள்களில் பள்ளி நண்பகலிலேயே விட்டுவிடும், சிறப்பு வகுப்பும் இருக்காது, அந்த இரண்டு வாரம் மட்டும் திறந்த நேரம் விரிந்துவிடும். 12-ஆம் வகுப்பு 4 மணிக்கு வர ஆசைப்படும், செவ்வாயும் வியாழனும் அது முடியவும் செய்யும். வரட்டும், ஆனால் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தேர்வு முடிந்த பின் பாதிப் பேர் 4 மணிக்கும் பாதிப் பேர் 7 மணிக்கும் வந்து நிற்பார்கள்.

14. ஆண்டின் நடுவில் ஒரு பள்ளி திடீரென்று திங்கட்கிழமையும் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டது. ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறுகிறதே?

ஒன்றை நகர்த்தி இன்னொன்றின் இடத்தில் வைக்கப் போனால் அப்படித்தான் தொடரும். முதலில் காலிக் கட்டத்துக்கு நேராக நகர்த்த முடியுமா என்று பாருங்கள். எடுத்துக்காட்டில் 10-ஆம் வகுப்பின் பிந்தி வரும் பள்ளி திங்களும் சிறப்பு வகுப்பு வைத்தால், திங்கள் 5:30 வகுப்பு அவர்களுக்கு ஒத்துவராது. புதன் 5:30 காலியாக இருக்கிறது, அன்று சிறப்பு வகுப்பும் இல்லை. அங்கே நகர்த்தினால் வேறு யாரையும் தொட வேண்டியதில்லை.

இப்போது கணக்கை மறுபடி போடுங்கள். பத்தும் பன்னிரண்டும் சேர்ந்து 7 வகுப்பு. அவை வரக்கூடிய கட்டங்கள் 7 மணியில் ஐந்தும், புதன், வெள்ளி 5:30-இல் இரண்டும் ஆக 7. துல்லியமாக நிரம்பிவிட்டது. காலியாகியிருக்கும் திங்கள் 5:30-இல் இந்த இரண்டு பேட்சும் இனி உட்கார முடியாது. அட்டவணை பார்க்க முன்பு போலவே ஒரு காலியோடு இருக்கும். ஆனால் அது 8, 9-ஆம் வகுப்புகளுக்கு மட்டுமே பயன்படும் காலி. பத்தாம் வகுப்புக்குச் செவ்வாய் முதல் வெள்ளி வரை தொடர்ந்து நான்கு நாளும் வகுப்பு என்றாகிவிடுவதால், 6-ஆம் கேள்வியில் சொன்ன இரட்டை முறை போய்விடும். வீட்டுக் கணக்கைப் பாதியாகக் குறைத்து, மீதியை வெள்ளிக்கிழமை மொத்தமாகக் கொடுங்கள், திங்கள் மாலை வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது. இரண்டு பெரிய பேட்சுகளுக்கும் விட்டுப்போகும் வகுப்பை ஈடு செய்ய, சனிக்கிழமை 10:30-ஐ இப்போதே தனியாக ஒதுக்கி, 12-ஆம் கேள்வியில் சொன்னபடி தேதிகளோடு பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள்.